பூட்டு எது, அறிவித்தல் பலகை எது?
பீ.டீ.எப். கோப்பின் இரண்டு பாஸ்வேர்டுகள் பற்றி வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

புறக்கோட்டையில் தண்ணீர் மோட்டார் மொத்த வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலை நேரம் என் கடைக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். இரண்டிலும் அவருடைய கடைப் பெயர், அவருடைய கையொப்பம், ஒரே கொட்டேஷன் இலக்கம், ஒரே திகதி. ஒன்றில் ஒரு மோட்டாரின் விலை 38,500 ரூபா, தவணை 30 நாள். மற்றதில் விலை 36,500 ரூபா, தவணை 60 நாள். அனுப்பியது 48 மோட்டார்கள். விலையில் மட்டும் வித்தியாசம் 96,000 ரூபா.

"நானா, நான் இத லொக் பண்ணித்தான் அனுப்பின. யாருக்கும் எடிட் பண்ண ஏலாது. பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்ப இது எப்படி மாறின?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கொட்டேஷனை பீ.டீ.எப். கோப்பாக்கி, திருத்தக் கூடாது, பிரதி எடுக்கக் கூடாது என்று தடை வைத்து, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுத்தான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். வாங்கிய கட்டட ஒப்பந்த நிறுவனத்தின் கணக்காளர் மேசையில் இருந்ததோ மாற்றப்பட்ட தாள். அங்கே கொள்வனவுப் பகுதியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தம்பி தன் மின்னஞ்சலில், "இது பூட்டப்பட்ட ஆவணம், எவராலும் மாற்ற முடியாது" என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். பிரச்சினை வந்தபோது கணக்காளர் அந்த வரியையே எடுத்துக் காட்டினார். "மாற்ற முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எங்களிடம் இருக்கும் இந்தத் தாளும் நீங்கள் அனுப்பியதாகத்தானே இருக்க வேண்டும்?" என்று கேட்டார். தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிய பூட்டு, தனக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

எம்மவர்களில் எத்தனையோ பேர் விலைப்பட்டியலையும் கொட்டேஷனையும் இதே முறையில்தான் அனுப்பிக் கொண்டிருக்கிறோம். நானும் பல காலம் அப்படித்தான் அனுப்பினேன். அந்தத் தடை எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்று விசாரித்துப் பார்த்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இரண்டு பாஸ்வேர்டுகள்

பீ.டீ.எப். கோப்பு ஒன்றுக்கு இரண்டு விதமான பாஸ்வேர்ட் போடலாம். முதலாவது திறக்கும் பாஸ்வேர்ட். அடோபி அக்ரோபட் மென்பொருளில் இது `Require a password to open the document` என்று இருக்கும். இதைப் போட்டால், கோப்பைத் திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்கும். தெரியாதவருக்கு உள்ளே ஓர் எழுத்தும் தெரியாது.

இரண்டாவது அனுமதி பாஸ்வேர்ட். இதைப் போட்ட கோப்பு எதுவும் கேட்காமல் சாதாரணமாகத் திறக்கும். வாசிக்கலாம். ஆனால் அச்செடுப்பது, திருத்துவது, எழுத்துகளைப் பிரதி எடுப்பது போன்ற வேலைகளில் நீங்கள் தடை செய்தவை மட்டும் நடக்காது. அந்தத் தடைகளை மாற்ற வேண்டுமானால் பாஸ்வேர்ட் வேண்டும் என்று மென்பொருள் சொல்லும்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன. ஆகவே இரண்டும் ஒரே பலமுள்ள பூட்டுகள், ஒன்று வெளிக் கதவுக்கு, மற்றது உள் அலுமாரிக்கு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். உண்மை அப்படியல்ல. முதலாவது பூட்டு. இரண்டாவது சுவரில் மாட்டிய அறிவித்தல் பலகை.

உள்ளே என்ன நடக்கிறது?

திறக்கும் பாஸ்வேர்ட் போட்டால், கோப்பிலுள்ள எழுத்துகளும் படங்களும் யாருக்கும் விளங்காத விதமாகக் குழப்பி எழுதப்படுகின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு திறவுகோல் வேண்டும். அந்தத் திறவுகோல் நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் திறவுகோல் இல்லை. எந்த மென்பொருளைக் கொண்டு வந்தாலும் குழம்பிய எழுத்தைத்தான் பார்க்கலாம்.

அனுமதி பாஸ்வேர்ட் மட்டும் போட்டால் என்ன நடக்கிறது? அப்போதும் எழுத்துகள் குழப்பித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் திறக்கும் பாஸ்வேர்ட் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெறுமையே திறக்கும் பாஸ்வேர்டாகிவிடுகிறது. பீ.டீ.எப். வாசிக்கும் மென்பொருள்கள் முதலில் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்க்கும். திறந்துவிடும். உங்களிடம் எதுவும் கேட்காமல் கோப்பு திறப்பது இதனால்தான். வாசலைப் பூட்டிச் சாவியைக் கால்மிதிக்குக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தை ஊருக்கே சொல்லி வைத்தது போன்ற வேலை இது.

திறந்த பிறகு மென்பொருள் கோப்புக்குள் இருக்கும் ஓர் எண்ணைப் பார்க்கிறது. அந்த எண்ணில் ஒவ்வொரு இடமும் ஒரு "ஆம்" அல்லது "இல்லை". மூன்றாவது இடம் அச்செடுப்பதற்கு, நான்காவது இடம் திருத்துவதற்கு, ஐந்தாவது இடம் பிரதி எடுப்பதற்கு. நான்காவது இடத்தில் "இல்லை" என்றிருந்தால், ஒழுங்கான மென்பொருள் திருத்தும் பொத்தானை மறைத்துவிடும். தடை என்பது இவ்வளவுதான். கோப்பு தன்னைத்தானே காத்துக் கொள்வதில்லை. அதை வாசிக்கும் மென்பொருள் அந்தக் குறிப்புக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிக் கொள்கிறது. மரியாதை கொடுக்காத மென்பொருளைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

இது நான் கண்டுபிடித்த இரகசியமல்ல. பீ.டீ.எப். கோப்பின் வடிவத்தை வரையறுத்து 2008 இல் வெளியான சர்வதேச தர ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது. கோப்பு ஒரு தடவை திறக்கப்பட்டுவிட்டால் முழு உள்ளடக்கமும் மென்பொருளின் கையில் இருக்கும் என்றும், அனுமதித் தடைகளைக் கட்டாயப்படுத்தும் சக்தி அந்தக் குழப்பி எழுதும் முறையில் இல்லை என்றும், அவற்றை மதிப்பது மென்பொருள் செய்பவர்களின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. தன் மென்பொருள்கள் தடையை மதிக்கும், பிறருடையவை மதிக்காமல் விடலாம் என்று அடோபி நிறுவனமும் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பாவனையாளர்கள் அந்த இடத்தை வாசிப்பதில்லை.

கையால் செய்து பார்த்தோம்

தம்பியை இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் கணினி வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டோம். தம்பி அனுப்பிய அசல் கோப்பை அக்ரோபட் ரீடரில் திறந்தோம். மேலே கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் `(SECURED)` என்று இருந்தது. `File` என்பதில் `Properties` போய் `Security` பக்கத்தைப் பார்த்தால், எது அனுமதி, எது தடை என்று ஒரு பட்டியல் வரும். திருத்துவதற்கு `Not Allowed`, அச்செடுப்பதற்கு `Allowed`. எல்லாம் தம்பி வைத்தபடியே இருந்தன.

பிறகு பையன் `qpdf` என்ற இலவச மென்பொருளை எடுத்தான். இது களவு வேலைக்குச் செய்த சாமான் அல்ல. பீ.டீ.எப். கோப்புகளைப் பிரிக்க, சேர்க்க, பழுது பார்க்கப் பலர் பாவிப்பது. முதலில் கோப்பின் நிலையைக் கேட்டான்:

```
qpdf --show-encryption quotation.pdf
```

வந்த பதிலில் முக்கியமான வரிகள் இவை:

```
Supplied password is user password
extract for any purpose: not allowed
print high resolution: allowed
modify anything: not allowed
```

முதல் வரியைப் பாருங்கள். கொடுத்த பாஸ்வேர்ட் திறக்கும் பாஸ்வேர்டாக ஏற்கப்பட்டது என்று சொல்கிறது. நாங்கள் எந்தப் பாஸ்வேர்டும் கொடுக்கவில்லை. வெறுமையே ஏற்கப்பட்டுவிட்டது. கால்மிதிக்குக் கீழே சாவி என்று மேலே சொன்னதன் சாட்சி இந்த வரி. அடுத்து பையன் எழுதியது இது:

```
qpdf --decrypt quotation.pdf open.pdf
```

ஒரு விநாடி ஆகியிருக்காது. புதிய கோப்பு வந்தது. அதில் `(SECURED)` இல்லை, தடைகள் இல்லை. சாதாரண திருத்தும் மென்பொருளில் திறந்து 38,500 ஐ 36,500 ஆக்கினான். கடையின் கையொப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. தம்பியின் பாஸ்வேர்டை அவன் கேட்கவும் இல்லை, தேடவும் இல்லை, உடைக்கவும் இல்லை. தம்பி அதை 4 எழுத்தில் வைத்திருந்தாலும் 40 எழுத்தில் வைத்திருந்தாலும் இதே ஒரு விநாடிதான். அனுமதி பாஸ்வேர்டின் நீளம் இங்கே எதையும் மாற்றாது, ஏனென்றால் அந்தப் பாதையில் அதை யாரும் கேட்பதே இல்லை.

மென்பொருளே வேண்டாம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தாளை அச்செடுத்து ஸ்கேன் செய்யலாம், திரையைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கலாம், பார்த்துப் பார்த்துப் புதிதாக டைப் செய்யலாம். ஒருவருடைய கண்ணுக்குத் தெரிந்ததை அவர் பிரதி எடுக்காமல் தடுக்கும் வழி பீ.டீ.எப். கோப்பில் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் போட்டால்?

தம்பி அடுத்துக் கேட்ட கேள்வி இதுதான். திறக்கும் பாஸ்வேர்டை வாடிக்கையாளருக்குக் கொடுத்து, அனுமதி பாஸ்வேர்டை நம்மிடமே வைத்துக் கொண்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாதா?

வெளியாளுக்கு எதிராகப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது திறக்கும் பாஸ்வேர்டினால் வருவது. வாடிக்கையாளர் திறந்துவிட்ட பிறகு திறவுகோல் அவர் கையில். அவரைப் பொறுத்தவரை மறுபடியும் அதே அறிவித்தல் பலகைதான். மேலே எழுதிய கட்டளையில் அவருக்குத் தெரிந்த திறக்கும் பாஸ்வேர்டைச் சேர்த்தால் போதும், தடைகள் போய்விடும். ஆகவே இப்படி நினைவில் வைத்துக் கொள்ளலாம்: திறக்கும் பாஸ்வேர்ட், தெரியாதவரை வெளியே வைக்கும். உள்ளே விட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிட எந்தப் பாஸ்வேர்டாலும் முடியாது.

அனுமதித் தடையால் ஒரு பயனும் இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. தெரியாமல் கைபட்டு மாறுவதைத் தடுக்கும். "இதைத் திருத்த வேண்டாம்" என்ற உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கும். ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்கிறோம். பிரதி எடுக்கத் தடை போட்ட விலைப்பட்டியலை நாணயமான வாடிக்கையாளரின் எழுதுவினைஞர் என்ன செய்வார்? தன் ஓடரை எழுத 60 சாமான்களின் பெயரையும் விலையையும் கையால் டைப் செய்வார். எங்கோ ஓரிடத்தில் 38,500 என்பது 35,800 ஆகும். பிறகு சண்டை. கெட்ட எண்ணம் உள்ளவருக்கு ஒரு விநாடி வேலை, நல்ல எண்ணம் உள்ளவருக்கு அரை மணி நேரத் தொல்லை. வியாபாரக் கணக்கில் இது நட்டமான பேரம் என்பது என் கருத்து.

திறக்கும் பாஸ்வேர்டின் பலம் எவ்வளவு?

இனி உண்மையான பூட்டுக்கு வருவோம். திறக்கும் பாஸ்வேர்ட் பூட்டுத்தான், ஆனால் அதன் பலம் இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது.

முதலாவது, குழப்பி எழுதும் முறை. 1990களின் பழைய முறை 40 பிட் திறவுகோலைப் பாவித்தது. இன்றைய கணினிக்கு அது பெரிய தடையல்ல. பாஸ்வேர்டை ஊகிக்காமலேயே எல்லாத் திறவுகோலையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறக்கலாம். புதிய மென்பொருள்களில் இருக்கும் ஏஈஎஸ் 256 பிட் முறையில் அப்படிச் செய்ய முடியாது. அக்ரோபட் மென்பொருளில் `Compatibility` என்ற இடத்தில் `Acrobat X and Later` என்று தெரிவு செய்தால் அந்த முறை கிடைக்கும். பழைய மென்பொருளை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்கள் வைக்கும் பாஸ்வேர்ட். பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான். ஏரிஎம் இயந்திரத்தில் சில தடவை பிழையான இலக்கம் போட்டால் அட்டையை நிறுத்திவிடும். பீ.டீ.எப். கோப்புக்கு அப்படி ஒரு காவல் இல்லை. கோப்பு ஒருவர் கையில் கிடைத்துவிட்டால், அவர் தன் வீட்டில் இருந்து கொண்டு கணினியை விட்டு எத்தனை ஆயிரம் தடவையும் ஊகித்துப் பார்க்கலாம். தடுக்கவும் எவருமில்லை, உங்களுக்கு அறிவிக்கவும் எவருமில்லை.

இதனால்தான் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டாக வைப்பதை நான் விரும்புவதில்லை. மாதாந்தக் கணக்கறிக்கைகள் சில அப்படி வருகின்றன. நம்மவர்களும் சம்பளப் பட்டியலை அப்படியே பூட்டுகிறார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் 2 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆக, ஒருவருடைய பிறந்த திகதி தெரிந்தால் 5 இலக்கம் கைக்கு வந்துவிடும். மீதி 4 இலக்கம், அதாவது 10,000 வாய்ப்புகள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் மீதி 5 இலக்கம், 1,00,000 வாய்ப்புகள். மனிதனுக்கு இது பெரிய எண். கணினிக்குத் தேநீர் ஆறுவதற்குள் முடியும் வேலை. அதுவும் தேவையில்லை, நமது அடையாள அட்டைப் பிரதி எத்தனை அலுவலகக் கோவைகளில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கடைப் பெயரும் வருடமும் சேர்த்த பாஸ்வேர்டும் இதே வகைதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். நீளமாக இருக்கட்டும், நீங்கள் அடிக்கடி சொல்லும் பழமொழியாக இருக்க வேண்டாம். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் பாஸ்வேர்டைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது பெட்டியோடு சாவியையும் கட்டி அனுப்புவதாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அனுமதி பாஸ்வேர்டை மறந்தால் பெரிய நட்டமில்லை, மேலே பார்த்தீர்கள். நல்ல முறையில் பூட்டிய கோப்பின் திறக்கும் பாஸ்வேர்டை மறந்தால் மென்பொருள் செய்த நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. பூட்டாத அசலை உங்கள் சொந்தக் கணினியில் ஒழுங்காக வைத்துக் கொண்டு, பூட்டிய பிரதியை மட்டும் வெளியே அனுப்புங்கள்.

எதற்கு எது?

நான் இப்போது எனக்கு நானே கேட்டுக் கொள்வது ஒரே கேள்வி: என் பயம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதா, அல்லது யாராவது மாற்றிவிடுவார்கள் என்பதா?

பார்த்துவிடுவார்கள் என்ற பயம் என்றால் திறக்கும் பாஸ்வேர்ட். கொள்விலைக் கணக்கு, சம்பளப் பட்டியல், கடவுச்சீட்டுப் பிரதி, பங்காளிகளின் கணக்கு ஆகியவை இந்த வகை. வேர்ட் மென்பொருளில் பீ.டீ.எப். ஆகச் சேமிக்கும்போது `Options` இல் வரும் `Encrypt the document with a password` என்பது இந்தத் திறக்கும் பாஸ்வேர்டுதான். லிப்ரே ஒபிஸில் இரண்டும் இருக்கும், `Set Open Password` என்பதைத் தெரிவு செய்யுங்கள். செய்து முடித்த பின் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எதுவும் கேட்காமல் திறந்தால் நீங்கள் போட்டது பூட்டு அல்ல.

மாற்றிவிடுவார்கள் என்ற பயம் என்றால், எந்தப் பாஸ்வேர்டும் அதற்கு மருந்தல்ல. மாற்றுவதைத் தடுக்க முடியாது, மாற்றினால் கண்டுபிடிக்கத்தான் முடியும். அதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று ஒன்று இருக்கிறது. கையொப்பத்தைப் படம் பிடித்து ஒட்டுவதை நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை எவரும் வெட்டி எடுத்து வேறு தாளில் ஒட்டலாம். டிஜிட்டல் கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தோடு கணக்கால் பிணைக்கப்படுவது. பிறகு ஓர் இலக்கம் மாறினாலும், அக்ரோபட் ரீடரில் திறப்பவருக்குக் கையொப்பம் செல்லாது என்று காட்டும். எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களையும் கையொப்பங்களையும் ஏற்றுக் கொள்கிறது. இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் கையொப்பமே இல்லாத ஒரு தாளைப் புதிதாகச் செய்து காட்டலாம். ஆகவே "டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கொட்டேஷன் எங்களுடையது அல்ல" என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சிறு வியாபாரிக்கு அது இப்போதைக்குக் கடினம் என்றால், செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நான் செய்வது அதுதான். கோப்பை இணைத்து அனுப்பும் மின்னஞ்சலிலேயே கொட்டேஷன் இலக்கம், மொத்தத் தொகை, தவணை நாள் மூன்றையும் எழுதிவிடுகிறேன். அதைக் கொள்வனவுப் பகுதிக்கு மட்டும் அனுப்பாமல், கணக்காளருக்கும் ஒரு பிரதி போடுகிறேன். ஓடர் வரும்போது அதில் அதே இலக்கமும் அதே தொகையும் இருக்கிறதா என்று பார்க்காமல் சாமானை லொறியில் ஏற்றுவதில்லை. தம்பி இதைச் செய்திருந்தால், 48 மோட்டார்களும் களஞ்சியத்தை விட்டு வெளியேற முன்னரே 36,500 என்ற இலக்கம் அவர் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு வந்த ஓடரில் இலக்கமும் தொகையும் இல்லை, "கொட்டேஷன்படி அனுப்பவும்" என்று மட்டும்தான் இருந்தது.

தம்பியின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பாஸ்வேர்ட் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் முதலாளியை நேரில் சந்திக்கச் சொன்னேன். முதலாளி தன் நிறுவனத்துக்கு வந்த அசல் மின்னஞ்சலையே திறக்கச் சொன்னார். அதில் இணைந்திருந்த கோப்பில் 38,500 என்றும் 30 நாள் என்றும் இருந்தது. முதலாளி விலையை ஏற்றுக் கொண்டார். தவணையை மட்டும் 60 நாளாகவே வைத்துக் கொள்ளும்படி கேட்டார், தம்பியும் ஒத்துக் கொண்டார். 18,48,000 ரூபாவும் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து இன்றுவரை ஓர் ஓடரும் வரவில்லை.

தம்பி இப்போது கொட்டேஷனை எந்தத் தடையும் போடாமல்தான் அனுப்புகிறார். "எவராலும் மாற்ற முடியாது" என்ற அந்த வரியையும் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக மொத்தத் தொகையையும் தவணையையும் மின்னஞ்சலிலேயே எழுதுகிறார்.